பாட்டி கயிற்றில் கோத்திருந்த வெள்ளிக் காசு: எழுத்தைப் படித்துச் சொல்ல முடியுமா?

முத்தியால்பேட்டை குமரன் | சனி, காலை 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஒரு வயது வரை கறுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளிக் காசைக் கோத்துக் கட்டுவார்கள். பாட்டி காலத்துக்கும் முன்னாலிருந்து வருகிற காசு. இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. ஸ்டாம்ப், பழைய நோட்டு என்று கொஞ்சம் சேர்ப்பேன், ஆனால் இந்த மாதிரிக் காசு எனக்குப் புதிது.

இரண்டு பக்கமும் அரபி போல எழுத்து. உருவம் எதுவும் இல்லை. வட்டமும் ஒழுங்காக இல்லை, எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் 110 என்று எண் தெரிகிறது, அதற்கு அடுத்த எண் காசின் விளிம்போடு போய்விட்டது. மறுபக்கத்தில் 27. "1100ன்னா சோழர் காலம்டா" என்கிறார் மாமா. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

என்ன எழுதியிருக்கிறது, தமிழில் அதற்கு என்ன பொருள், இந்த இரண்டும் தெரிந்தால் போதும். காசை வைக்கும் அட்டையில் எழுதி வைக்க வேண்டும். படங்கள் கீழே.

---

பாகூர் ரவி | சனி, காலை 10.05

நல்ல காசு. அவசரப்பட்டு இங்கே யாருக்கும் கொடுத்துடாதீங்க. ஒயிட் டவுன் பக்கம் வர்ற வெளிநாட்டுக்காரங்க நல்ல விலை கொடுப்பாங்க. எடுத்துட்டுப் போறது ஈஸி.

---

முத்தியால்பேட்டை குமரன் | சனி, காலை 10.12

ரவி அண்ணா, விற்கிற எண்ணமே இல்லை. எழுத்து என்ன என்றுதான் கேட்டேன்.

---

லாஸ்பேட்டை வாசு | சனி, காலை 10.50

ரவி, படிக்கிறவர்கள் யாரும் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதற்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். அனுமதி இல்லாமல் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது குற்றம்.

குமரன் தம்பி, இரண்டாவது படத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். அதோடு ஃபிளாஷ் அடித்ததில் நடு எழுத்து வெளுத்துப்போய்விட்டது. திரும்ப எடுக்க வேண்டும். ஜன்னல் ஓரம் வெள்ளைத் தாளில் காசை வையுங்கள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து சாய்வாக விழட்டும். இரண்டு டம்ளர் மேல் போனைப் படுக்கவைத்து நேர் மேலிருந்து எடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படம் வேண்டும்: ஒன்றில் வெளிச்சம் மேலிருந்து, இன்னொன்றில் இடது பக்கத்திலிருந்து. கீழிருந்து மட்டும் வெளிச்சம் வேண்டாம். புடைத்திருக்கும் எழுத்து பள்ளம் போலத் தெரிந்து கண்ணை ஏமாற்றிவிடும்.

புளி, விபூதி, பல்பொடி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். பள்ளத்தில் படிந்திருக்கும் கறுப்புதான் எழுத்தை எடுத்துக் காட்டுகிறது.

---

கடலூர் ஓ.டி. சம்பத் | சனி, காலை 11.20

இதுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். இது ஆர்க்காட்டு ரூபாய். எழுத்து அரபி இல்ல, பாரசீகம். நவாப் அடிச்ச காசு. எங்க கடலூர்ல பழைய வீட்டை இடிச்சா இந்த மாதிரி வரும். என்கிட்டயே ஒண்ணு இருக்கு.

---

முத்தியால்பேட்டை குமரன் | சனி, மாலை 4.15

வாசு ஐயா சொன்ன மாதிரியே நான்கு படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். தெரிந்த நகைக்கடையில் எடையும் போட்டேன், 11.1 கிராம். மேல் ஓரத்தில் வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பு இருக்கிறது, அந்த இடத்து எழுத்து மூடிப்போயிருக்கிறது. எந்தப் பக்கம் மேல் என்று தெரியாமல் குத்துமதிப்பாக வைத்து எடுத்தேன்.

---

கோட்டகுப்பம் ஹமீது | சனி, மாலை 5.30

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதால் எழுத்துக் கூட்டத் தெரியும். பாரசீகம் படித்தவன் இல்லை. கூட்டிப் பார்த்த வரை எழுதுகிறேன்.

எண் இருக்கும் முதல் பக்கத்தில் மேல் வரியில் "முஹம்மத்" நன்றாகத் தெரிகிறது, கூடவே "ஷா". நடு வரியில் "பாத்ஷா", "காஸி". கீழ் வரியில் "முபாரக்". அதற்கு முன்னால் ஒரு சொல் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, "க்கா" என்று முடிகிறது. மேலிருந்து கீழே படித்தால் வாக்கியமே அமையவில்லை. "முஹம்மத் ஷா பாத்ஷா காஸி... முபாரக்" என்று தொங்குகிறது.

மறுபக்கம் இன்னும் கஷ்டம். கீழே "ஆர்க்காட்" உறுதி, அலிஃபும் ரேயும் தெளிவாக இருக்கின்றன. நடுவில் படகு போல நீளமாக ஒரு கோடு ஓடுகிறது, அது தே என்ற எழுத்தாக இருக்கலாம். மேல் வரி தழும்பில் போய்விட்டது.

---

லாஸ்பேட்டை வாசு | சனி, மாலை 6.45

ஹமீது பாய், முக்கால்வாசி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். இந்தக் காசுகளைக் கீழ் வரியிலிருந்து மேலே படிக்க வேண்டும். அரசன் பெயர் மேலே இருக்க வேண்டும் என்பதற்காக வாக்கியத்தின் கடைசிச் சொல்லை உச்சியில் வைப்பார்கள். நீங்கள் பார்த்த "க்கா" என்பது "ஸிக்கா". அப்படியென்றால் முதல் பக்கம்:

ஸிக்கா முபாரக் / பாத்ஷா காஸி / முஹம்மத் ஷா.

மறுபக்கமும் கீழிருந்துதான். "ஆர்க்காட்" முன்னால் "ஸர்ப்" இருக்க வேண்டும், அதன் வால் மட்டும் படத்தில் தெரிகிறது. அதற்கு மேலே "ஸனஹ் ஜுலூஸ்", கூடவே எண். படகு போன்ற கோடு "மைமனத்" என்ற சொல்லின் கடைசி எழுத்து. தழும்புக்குக் கீழே "மானூஸ்" இருக்கும். கண்ணால் பார்க்காமல் இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், பிற்கால முகலாயர் காசுகளில் இது வழக்கமான தொடர். "மைமனத்" வந்தால் "மானூஸ்" கூட வரும்.

தமிழில் இப்படி வைக்கலாம்.

முதல் பக்கம்: "பேரரசர், காஸி, முஹம்மத் ஷாவின் மங்கல நாணயம்."
மறுபக்கம்: "நற்பேறு துணைநிற்கும் அவரது அரியணை அமர்வின் இத்தனையாம் ஆண்டில் ஆர்க்காட்டில் அடித்தது."

"காஸி" என்பது பட்டம். போர்வீரன் என்று சுருக்கிவிட்டால் அதிலிருக்கும் சமயப் பொருள் போய்விடும். அப்படியே விடுவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

---

கோட்டகுப்பம் ஹமீது | சனி, இரவு 7.10

"காஸி"யை அப்படியே விடுவதுதான் சரி. ஜுலூஸ் என்றால் நாங்கள் ஊர்வலம் என்போம், அதனால் முதலில் குழம்பிவிட்டேன். அரபி வேரில் அது உட்காருவதுதான். அரியணையில் உட்கார்ந்தது என்று நீங்கள் சொன்னதும் பொருள் கூடிவருகிறது.

---

கடலூர் ஓ.டி. சம்பத் | சனி, இரவு 8.00

வருஷத்தை நான் சொல்றேன். 110ன்னு தெரியறதுல கடைசியா இருக்கிறது பூஜ்யம் இல்ல. பாரசீக எண்ல பூஜ்யம் வெறும் புள்ளி. வட்டமா இருக்கிறது அஞ்சு. ஆக 115, அடுத்த எண் விளிம்புல போச்சு. 1156ன்னு வைங்க. ஹிஜ்ரிக்கு 622 கூட்டினா 1778. அந்த வருஷம்தான் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகை போட்டுப் பிடிச்சாங்க. முற்றுகைக் காலத்துக் காசு, குமரன்! மறுபக்கத்து எண்ணை வலமிருந்து இடமாப் படிக்கணும், அது 72.

---

லாஸ்பேட்டை வாசு | சனி, இரவு 9.30

சம்பத், வட்டம் ஐந்து என்று நீங்கள் சொன்னது மிகச் சரி. அதில் நான் ஒன்று சேர்க்கிறேன். எண்ணின் உருவம் தெரியாதவர்கூட இதைக் கண்டுபிடித்துவிடலாம். 1100 முதல் 1109 வரையுள்ள ஹிஜ்ரி ஆண்டுகளில் முகலாயப் பேரரசராக இருந்தவர் ஔரங்கசீப். காசில் இருக்கும் பெயர் முஹம்மத் ஷா. ஆகவே அது பூஜ்யமாக இருக்க முடியாது.

மற்ற இரண்டும் சரியில்லை. எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும், எண் நாம் எழுதுகிற மாதிரி இடமிருந்து வலம்தான். 72 வருஷம் ஆண்ட முகலாயர் யாருமில்லை. முஹம்மத் ஷா 1719இல் பட்டத்துக்கு வந்து 1748இல் இறந்தவர். 1778இல் அவர் போய் 30 வருஷம்.

பிழை 622ஐ நேராகக் கூட்டியதில் வந்தது. ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டு, நம் ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. 33 ஹிஜ்ரி ஆண்டு கிட்டத்தட்ட 32 ஆங்கில ஆண்டு. அதனால் முதலில் 1156ஐ 33ஆல் வகுக்க வேண்டும், 35 வரும். அதை 1156இல் கழித்தால் 1121. இப்போது 622ஐக் கூட்டினால் 1743.

அடுத்து மறுபக்கத்து எண். குமரன் 27 என்று படித்திருக்கிறார். பாரசீக ஏழு ஆங்கில வி எழுத்து போல இருக்கும், எட்டு அதைக் கவிழ்த்த மாதிரி. படத்தைத் தலைகீழாக வைத்தால் ஏழு எட்டாகிவிடும், எட்டு ஏழாகிவிடும். ஆனால் இந்தக் காசில் இருப்பது வி வடிவம் இல்லை. நம் 7 போலவே மேலே கொக்கியும் கீழே நீண்ட காலும் உள்ள உருவம். பாரசீகத்தில் அதுதான் ஆறு. ஆகவே 26.

இந்த 26 இருப்பதால் விளிம்பில் போன எண்ணையும் மீட்டுவிடலாம். முஹம்மத் ஷாவின் முதல் ஆண்டு ஹிஜ்ரி 1131. இருபத்தாறாம் ஆண்டு 1156இல் தொடங்கி 1157க்குள் கொஞ்சம் நீளும். ஆகவே காணாமல் போனது ஆறு அல்லது ஏழு. ஆங்கிலக் கணக்கில் 1743–44. சம்பத் குத்துமதிப்பாக வைத்த 1156 நல்ல ஊகம்தான்.

---

நெல்லித்தோப்பு செல்வி | ஞாயிறு, காலை 7.20

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரு செப்புக் காசு இருக்கிறது, சின்னது, தடிமனானது. ஒரு பக்கம் சூலம் மாதிரி. இன்னொரு பக்கம் தமிழ் எழுத்து, ஆனால் தமிழே தெரிந்தும் படிக்க முடியவில்லை! "புதுச" என்று ஒரு வரி, கீழே "செரி" போல ஒன்று. இதுவும் நவாப் காசா?

---

லாஸ்பேட்டை வாசு | ஞாயிறு, காலை 8.00

செல்வி அம்மா, நீங்கள் படித்துவிட்டீர்கள். அது "புதுச்சேரி". அந்தக் காலத்தில் புள்ளி வைத்து எழுதுவது வழக்கமாக இல்லை, அதனால் "ச்" வெறும் "ச"வாக நிற்கிறது. குறில் நெடில் கொம்பும் இன்று போலப் பிரித்து எழுதவில்லை. சூலம் போலத் தெரிவது பிரெஞ்சு அரச குடும்பத்தின் லில்லிப் பூ. பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் காசை தூதூ என்றார்கள், நம் "துட்டு"தான் அது. படத்தைத் தனி இழையில் போடுங்கள், பேசுவோம். இப்போதைக்கு ஒன்று: புதுச்சேரியில் அடித்த செப்பில் புதுச்சேரி என்றே இருக்கிறது. குமரனின் வெள்ளியில் அப்படி இல்லை என்பதுதான் இனி நாம் பேச வேண்டிய விஷயம்.

---

முத்தியால்பேட்டை குமரன் | ஞாயிறு, காலை 8.25

புரியவில்லையே ஐயா. என் காசில் ஆர்க்காடு என்று தெளிவாக இருக்கிறது. அப்படியென்றால் ஆர்க்காட்டில் அடித்ததுதானே?

---

லாஸ்பேட்டை வாசு | ஞாயிறு, காலை 9.40

எழுதியிருப்பது அப்படித்தான். ஆனால் 1736இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடம் அனுமதி வாங்கி, கவர்னர் துமா காலத்தில் பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரியிலேயே இந்த ரூபாயை அடிக்கத் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளியை இங்கே ரூபாயாக்கித் துணி வாங்கப் பயன்படுத்தினார்கள். பிரெஞ்சு ராஜாவின் பெயரைப் போட்டால் உள்நாட்டுச் சந்தையில் காசு மாற்றித் தரும் சராப்புகள் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள். தில்லி பாதுஷா பெயரும் ஆர்க்காடு என்ற ஊர்ப் பெயரும் இருந்தால் முழு மதிப்புக்குப் போகும். அதனால் எழுத்தில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

தாங்கள் அடித்ததைக் காட்ட ஒரு சின்ன அடையாளம் மட்டும் வைத்தார்கள்: பிறை. ஆட்சியாண்டு எண்ணின் அருகே பாருங்கள். உங்கள் நான்காவது படத்தில் 26க்குப் பக்கத்தில் ஒரு வளைவு தெரிகிறது. என் கண்ணுக்கு அது பிறைதான்.

---

கடலூர் ஓ.டி. சம்பத் | ஞாயிறு, காலை 10.30

வாசு சார், அதை ஒத்துக்க மாட்டேன். அந்த வரிகள்ல நூன் எழுத்து எத்தனை வருது பாருங்க. ஸனஹ்ல ஒண்ணு, மைமனத்துல ஒண்ணு, மானூஸ்ல ஒண்ணு. ஏதாவது எழுத்தோட வளைவா இருந்தா? எந்த வளைவையும் பிறைன்னு சொல்லிடலாமே.

என்கிட்ட இருக்கிற ஆர்க்காட்டு ரூபாயில பெயர் ஆலம்கீர், வருஷம் 1172, மறுபக்கம் 6, அடையாளம் தாமரை. அதை நவாப் காசுன்னு இத்தனை நாள் நினைச்சிருந்தேன். நீங்க சொல்றதைப் பார்த்தா அது யார் அடிச்சது?

---

கோட்டகுப்பம் ஹமீது | ஞாயிறு, காலை 11.15

சம்பத் சார் சொல்வது நியாயமான சந்தேகம். எழுத்துப் பக்கமிருந்து சொல்கிறேன். ஸனஹ், மைமனத், மானூஸ் மூன்றிலும் நூன் சொல்லின் நடுவில் வருகிறது. நடுவில் வரும் நூன் ஒரு சின்னப் பல் மாதிரிதான் இருக்கும், கிண்ணம் போல வளையாது. கடைசியில் வந்தால்தான் வளையும். ஸீன் எழுத்து கடைசியில் வந்தால் வளையும், ஜுலூஸ், மானூஸ் இரண்டும் ஸீனில்தான் முடிகின்றன. ஆகவே அது ஜுலூஸின் ஸீன் இல்லை என்பதைத்தான் உறுதி செய்ய வேண்டும்.

---

லாஸ்பேட்டை வாசு | ஞாயிறு, மதியம் 12.05

இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது இதுதான். ஸீனின் வளைவு அந்த எழுத்தின் பற்களோடு சேர்ந்தே இருக்கும். பிறை தனியாக நிற்கும். நடுவில் தடித்து இரண்டு முனையும் ஊசியாக முடியும். குமரன், அந்த இடத்தை மட்டும் லென்ஸ் வைத்து ஒரு படம் எடுங்கள். ஸ்டாம்ப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும், போன் கேமரா முன்னால் ஒட்டிப் பிடியுங்கள்.

சம்பத், உங்களுடையது ஆங்கிலக் கம்பெனியின் சென்னைக் காசு. தாமரை அவர்கள் அடையாளம். அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1172, 6 என்ற இரண்டும் அச்சில் அப்படியே நின்றுவிட்டவை. அந்தப் பெயருக்குரிய இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொல்லப்பட்டார். ஆனால் அதே பெயரையும் அதே ஆண்டையும் போட்டு 1800க்குப் பிறகும் அடித்தார்கள். உங்கள் காசு 1759ஐச் சேர்ந்தது என்று அட்டையில் எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

---

முத்தியால்பேட்டை குமரன் | ஞாயிறு, மாலை 5.50

லென்ஸ் படம் போட்டிருக்கிறேன். வளைவைச் சுற்றி வெறும் வெள்ளி, எந்த எழுத்தும் அதைத் தொடவில்லை. இடது முனை ஊசி மாதிரி இருக்கிறது. வலது முனை தேய்ந்து மழுங்கியிருக்கிறது. நடு தடிமன்.

இந்தக் காசை என் கழுத்திலும் கட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் கடித்துக்கொண்டே இருப்பேனாம். அந்த வலது முனை தேய்ந்ததில் எங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் பங்கு இருக்கும்.

---

லாஸ்பேட்டை வாசு | ஞாயிறு, மாலை 6.30

ஒரு முனை கூர், நடுவில் தடிமன், தனியாக நிற்கிறது. எடையும் பொருந்துகிறது. இந்த ரூபாய் 11 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும், தேய்மானம் போக 11.1 இயல்பானது. நான் பிறை என்றே கொள்கிறேன். புதுச்சேரி.

---

கடலூர் ஓ.டி. சம்பத் | ஞாயிறு, இரவு 7.45

படத்தைப் பார்த்தேன். பிறைன்னு சொல்ல இடமிருக்கு, முழுசா இல்ல. ஒரு முனையை வெச்சு ஊர் சொல்றது எனக்கு ஒப்பலை. காசை நேர்ல பார்த்தா சொல்வேன். இன்னொண்ணு: சென்னைக் காசுல வருஷம் நின்னுபோச்சுன்னா, இதுலயும் 26ன்னு வெட்டின அச்சை அடுத்த வருஷமும் வெச்சு அடிச்சிருக்கலாமே?

---

லாஸ்பேட்டை வாசு | ஞாயிறு, இரவு 8.20

அடித்திருக்கலாம். முஹம்மத் ஷா பெயரில் வந்த காசுகளில் ஆட்சியாண்டு மாறிக்கொண்டே வருவதால், சென்னையைப் போல நெடுங்காலம் நின்றது என்று சொல்ல முடியாது. ஆனால் ஓர் அச்சை எத்தனை மாதம் பயன்படுத்தினார்கள் என்பதைக் காசு சொல்லாது. அதனால் அட்டையில் "அடித்த ஆண்டு" என்று எழுதாமல் "காசில் உள்ள ஆண்டு" என்று எழுதுவதுதான் முறை.

ஊர் விஷயமும் அப்படித்தான். மொழிபெயர்ப்பில் "ஆர்க்காட்டில் அடித்தது" என்றே இருக்க வேண்டும், ஏனென்றால் காசு அதைத்தான் சொல்கிறது. அங்கே புதுச்சேரி என்று திருத்தினால் இல்லாத சொல்லைக் காசின் வாயில் போடுகிறோம். புதுச்சேரி நம் முடிவு. அதற்குத் தனி வரி.

---

முத்தியால்பேட்டை குமரன் | ஞாயிறு, இரவு 9.35

அட்டையில் எழுதப் போவதை இங்கே போடுகிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள்.

வெள்ளி ரூபாய், 11.1 கிராம்.
முன்: ஸிக்கா முபாரக் பாத்ஷா காஸி முஹம்மத் ஷா. "பேரரசர், காஸி, முஹம்மத் ஷாவின் மங்கல நாணயம்."
பின்: ஸர்ப் ஆர்க்காட் ஸனஹ் 26 ஜுலூஸ் மைமனத் மானூஸ். "நற்பேறு துணைநிற்கும் அரியணை அமர்வின் 26ஆம் ஆண்டில் ஆர்க்காட்டில் அடித்தது."
காசில் உள்ள ஆண்டு: ஹிஜ்ரி 115-, ஆட்சியாண்டு 26, அதாவது 1743–44.
அடித்த இடம்: பிறையை வைத்துப் புதுச்சேரி, பிரெஞ்சுக் கம்பெனி.

---

கோட்டகுப்பம் ஹமீது | ஞாயிறு, இரவு 10.00

"மானூஸ்" தழும்புக்குக் கீழே இருக்கிறது, நாம் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. "ஸர்ப்" பாதிதான் தெரிகிறது, "ஸிக்கா"வும் அப்படியே. வெட்டுப்பட்ட எழுத்துகளைப் பகர அடைப்பில் போட்டுவிடுங்கள் தம்பி. பின்னால் படிக்கிறவருக்கு எது காசில் இருக்கிறது, எது நாம் நிரப்பியது என்று தெரிய வேண்டும்.

---

முத்தியால்பேட்டை குமரன் | ஞாயிறு, இரவு 10.20

போட்டுவிட்டேன் பாய்: [ஸிக்]கா, [ஸர்]ப், [மானூஸ்]. புதுச்சேரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியும் வைத்திருக்கிறேன். சம்பத் அண்ணா, அடுத்த ஞாயிறு கடலூர் வருகிறேன். காசைக் கொண்டுவருகிறேன், உங்கள் தாமரையையும் எடுத்து வையுங்கள்.

---

கடலூர் ஓ.டி. சம்பத் | ஞாயிறு, இரவு 10.40

வாங்க தம்பி. காலையில பத்து மணிக்குள்ள வந்தா எங்க திண்ணையில வெயில் சாய்வா விழும். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துடலாம்.